எண் மாறியதால் டெலிவரி ஓடிபி வரவில்லை. பார்சல் இரண்டு முறை வாசல் வரை வந்து திரும்பிவிட்டது

தூரத்துமகள் | திங்கள், இரவு 9.40

வணக்கம். நான் வெளிநாட்டில் வேலை செய்கிறேன். ஊரில் தனியாக இருக்கும் என் அப்பாவுக்காக ஒரு ஜோடி காது கேட்கும் கருவியை இணையத்தில் ஆர்டர் செய்திருந்தேன். அவருடைய பரிசோதனை அறிக்கையைப் பார்த்து அதற்கேற்ப அமைத்து அனுப்பும் கருவி என்பதால் தயாராவதற்கே மூன்று வாரம் ஆனது. சனிக்கிழமையும் இன்றும் டெலிவரி செய்பவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். ஆனால் ஓடிபி சொன்னால்தான் பார்சலைக் கொடுக்க முடியும் என்று கூறி, இரண்டு முறையும் திருப்பி எடுத்துச் சென்றுவிட்டார். அந்த ஓடிபி அப்பாவின் கைப்பேசிக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

நான் வெளிநாட்டுக்கு வந்த பிறகு என்னுடைய பழைய எண்ணை விட்டுவிட்டேன். அது நடந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. கடையின் கணக்கில் என் புதிய வெளிநாட்டு எண்ணை அப்போதே மாற்றிவிட்டேன். உள்ளே நுழைவதற்கான ஓடிபி அந்த எண்ணுக்கு இன்றுவரை ஒழுங்காக வருகிறது. டெலிவரி ஓடிபி மட்டும் ஏன் வருவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. கடையின் ஆர்டர் பக்கத்திலும் மின்னஞ்சலிலும் தேடிப் பார்த்தேன், எதுவும் இல்லை. டிராக்கிங் பக்கத்தில் "வாடிக்கையாளர் ஓடிபி தரவில்லை" என்று இருக்கிறது. இன்னும் ஒரு முறைதான் கொண்டு வருவார்களாம். தெரிந்தவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ரமணிதாசன் | திங்கள், இரவு 9.58

உங்கள் சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங் நிறுத்தப்பட்டிருக்கும், அதுதான் காரணம். வெளிநாட்டில் இருக்கும்போது குறுஞ்செய்தி வர வேண்டுமென்றால் ரோமிங் இயக்கத்தில் இருக்க வேண்டும். நானும் இதே சிக்கலில் மாட்டி, ரோமிங்கை இயக்கியவுடன் எல்லா ஓடிபியும் வரத் தொடங்கிவிட்டன. டேட்டா ரோமிங் தேவையில்லை, குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணமும் இல்லை. சேவை நிறுவனத்தின் செயலியில் போய் அதை மட்டும் பாருங்கள்.

செல்வநாயகி | திங்கள், இரவு 10.15

பணம் கட்டும்போது வங்கியிலிருந்து வரும் ஓடிபியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? அதற்கு வங்கியில் பதிவான எண்ணை மாற்ற வேண்டும். கிளைக்கு நேரில் போகாமல் வெளிநாட்டிலிருந்தே மாற்றுவதற்குத் தனிப் படிவம் இருக்கும், அதை நிரப்பி அனுப்புங்கள்.

தூரத்துமகள் | திங்கள், இரவு 10.22

செல்வநாயகி அம்மா, பணம் கட்டுவதில் சிக்கல் எதுவும் இல்லை, அது முன்பே முடிந்துவிட்டது. பார்சலைக் கையில் வாங்கும்போது டெலிவரி செய்பவரிடம் சொல்ல வேண்டிய எண்ணைப் பற்றித்தான் கேட்கிறேன்.

ரமணிதாசன் ஐயா, ரோமிங்கை இயக்குவதற்கு அந்தப் பழைய சிம்மே என்னிடம் இல்லை. எண்ணையே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பொதிக்கிடங்கு | திங்கள், இரவு 11.05

நான் பதினோரு ஆண்டுகள் ஒரு கூரியர் நிறுவனத்தின் பிரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன். உங்கள் விவரத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. கடையின் கணக்கில் எண்ணை மாற்றிவிட்டேன், அங்கே ஓடிபி ஒழுங்காக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான்.

உங்களுடைய எண் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கடையின் கணக்கில் ஒன்று இருக்கிறது, நீங்கள் உள்ளே நுழையும்போது பயன்படுவது அது. சேமித்து வைத்திருக்கும் முகவரியோடு சேர்ந்து இன்னொன்று இருக்கிறது. அந்த முகவரியை எப்போதோ பதிவு செய்தபோது எழுதிய எண் அது, கணக்கின் எண்ணை மாற்றினாலும் அது தானாக மாறாது. ஆர்டர் போட்ட நிமிடத்தில் முகவரியில் இருந்த எண்ணைப் படியெடுத்து, பார்சலுக்கு லேபிள் அடிக்கும்போது கூரியர் நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது இடம் அதுதான். அங்கே போய்விட்ட எண்ணை, கடையில் நீங்கள் எதைத் திருத்தினாலும் எட்ட முடியாது.

டெலிவரி ஓடிபியை யார் உருவாக்குகிறார்கள் என்பதும் முக்கியம். கடையே உருவாக்கினால் பொதுவாக அது ஆர்டர் பக்கத்திலோ மின்னஞ்சலிலோ தெரியும். உங்களுக்கு இரண்டிலும் இல்லை என்பதால், கூரியர் நிறுவனத்தின் கணினிதான் உருவாக்கி, தன்னிடம் இருக்கும் எண்ணுக்கு அனுப்புகிறது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கடையின் வாடிக்கையாளர் சேவையில் எத்தனை முறை கேட்டாலும் அவர்களால் அந்த ஓடிபியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதை நாளைக்கே உறுதி செய்துகொள்ளலாம். டெலிவரி செய்பவர் கையில் இருக்கும் செயலியில், ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்பதன் கடைசி இரண்டு அல்லது நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் தெரியும். பார்சலின் லேபிளிலும் எண் அச்சாகியிருக்கலாம். அந்த இலக்கங்களை வாசித்துக் காட்டச் சொல்லுமாறு அப்பாவிடம் சொல்லுங்கள். இன்னொன்று, வருவதற்கு முன் டெலிவரி செய்பவர் அப்பாவுக்கு அழைத்தாரா?

தூரத்துமகள் | திங்கள், இரவு 11.31

இல்லை ஐயா. இரண்டு முறையும் அழைக்காமல் நேராக வாசலுக்குத்தான் வந்தார். சனிக்கிழமை, "நான் அழைத்தபோது வேறு யாரோ எடுத்து, ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள்" என்று அவர் சொன்னதாக அப்பா கூறினார். அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காததால் அவர் ஏதோ மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்து, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தால் அவரிடம் கோபப்பட்டதற்கு வருத்தமாக இருக்கிறது.

பொதிக்கிடங்கு | திங்கள், இரவு 11.44

அப்படியானால் அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் பழைய எண் வேறு ஒருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. கைவிடப்பட்ட எண்ணைச் சில நாடுகளில் 45 நாள், சில நாடுகளில் 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு மறுபடியும் விற்பனைக்கு விட்டுவிடுவார்கள். எட்டு மாதம் என்பது அதைவிட நீண்ட காலம். உங்கள் ஓடிபி தொலையவில்லை. ஒவ்வொரு முறையும் சரியாகவே போய்ச் சேர்ந்து, முன்பின் தெரியாத ஒருவருடைய கைப்பேசியில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கூரியர் நிறுவனத்தின் பதிவில் "செய்தி சேர்ந்தது" என்றுதான் இருக்கும். அதனால்தான் அவர்கள் தங்கள் பக்கம் தவறில்லை என்று சொல்வார்கள். "மீண்டும் அனுப்பு" என்ற பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்ணுக்குத்தான் மீண்டும் போகும்.

நிலாமுற்றம் | செவ்வாய், காலை 6.10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஓடிபி வருவதில்லை, ஆனால் என் எண் மாறவில்லை. சொந்த நாட்டுச் சிம்மைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை போட்டுப் பார்த்தால் வங்கி விளம்பரம் எல்லாம் வரிசையாக வந்து விழுகின்றன, டெலிவரி ஓடிபி மட்டும் ஒன்றுகூட வருவதில்லை. விளம்பரம் வரும்போது இது ஏன் வராது? யாராவது தடுத்து வைத்திருக்கிறார்களா?

அலைக்கோபுரம் | செவ்வாய், காலை 7.25

நான் குறுஞ்செய்தி அனுப்பும் சேவைப் பக்கத்தில் வேலை செய்பவள் என்பதால் இதற்குப் பதில் சொல்கிறேன். யாரும் தடுக்கவில்லை. உங்கள் கைப்பேசி எந்த வலைப்பின்னலிலும் பதிவாகாமல் இருக்கும்போது, உங்கள் சேவை நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையம் அந்தச் செய்தியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு காத்திருக்கும். நீங்கள் சிம்மைப் போட்டவுடன், "இவர் கிடைத்துவிட்டார்" என்ற தகவல் மையத்துக்குப் போய், தேங்கியவை எல்லாம் வந்து சேரும். ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற கெடுவை அனுப்புகிறவர் வைக்கலாம். விளம்பரத்துக்கு ஓரிரு நாள் வைத்திருப்பார்கள். ஓடிபிக்கு வெறும் சில நிமிடங்கள் வைப்பது வழக்கம், ஏனென்றால் காலாவதியான ஓடிபி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் குழப்பம்தான் கூடும். அந்தக் கெடு முடிந்ததும் செய்தி அழிக்கப்பட்டுவிடும், பிறகு எப்போது சிம்மைப் போட்டாலும் வராது.

ஆகவே ரமணிதாசன் ஐயா சொன்னது உங்களுக்குப் பொருந்தும், தூரத்துமகளுக்குப் பொருந்தாது. உங்கள் சிம் ஓடிபி அனுப்பப்படும் அந்த நிமிடத்தில் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு சிம் போடக்கூடிய கைப்பேசியாக இருந்தால் அதை இரண்டாவது இடத்தில் போட்டு, டேட்டாவை மட்டும் நிறுத்திவையுங்கள். சில சேவை நிறுவனங்களில் வைஃபை அழைப்பு வசதியை இயக்கினால் ரோமிங் இல்லாமலேயே குறுஞ்செய்தி வரும். ஆனால் வெளிநாட்டிலிருந்து அந்த வசதியை அனுமதிக்காத நிறுவனங்களும் உண்டு, ஆகையால் அதை மட்டும் நம்பி ஆர்டர் போட வேண்டாம். புறப்படுவதற்கு முன்பே ரோமிங்கை இயக்கிச் சோதித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் சில நிறுவனங்களில் அதை இயக்குவதற்கே அந்தச் சிம்முக்கு ஓர் ஓடிபி வரும்.

ரமணிதாசன் | செவ்வாய், காலை 7.50

விளக்கத்துக்கு நன்றி அம்மா. எனக்கு நடந்ததை வைத்து எல்லாருக்கும் அதுதான் காரணம் என்று எழுதிவிட்டேன். ஆனாலும் தூரத்துமகளுக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. அந்தப் பழைய எண்ணை இப்போது வைத்திருப்பவருக்கே அழைத்து, "அம்மா, ஐயா, உங்களுக்கு வந்திருக்கும் ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடலாமே. டெலிவரி செய்பவர் வாசலில் நிற்கும்போதே கேட்டால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

தூரத்துமகள் | செவ்வாய், காலை 8.20

உண்மையைச் சொன்னால், இரவே அழைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு பெண்மணி எடுத்தார். ஓடிபி என்ற சொல்லைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். இரண்டாவது முறை எடுக்கவே இல்லை.

பொதிக்கிடங்கு | செவ்வாய், காலை 8.52

அந்தப் பெண்மணி செய்ததுதான் சரி. வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒருவர் அழைத்து, "உங்களுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், அது மோசடி என்று நினைப்பதுதான் முறை. அவரை மேலும் வற்புறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் சொல்லியிருந்தாலும், உங்கள் அப்பாவுக்குப் பார்சல் வருவது, எந்த நேரத்தில் வருவது என்பதையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவருக்கு நாமே தெரிவித்ததாக ஆகியிருக்கும்.

இன்று செய்ய வேண்டியது வேறு. கூரியர் நிறுவனத்தை டிராக்கிங் எண்ணோடு நேரடியாகத் தொடர்பு கொள்ளுங்கள். "ஓடிபி வரவில்லை" என்று தொடங்கினால், மீண்டும் அனுப்புகிறோம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். "இந்தப் பார்சலில் பதிவாகியுள்ள தொடர்பு எண் தவறானது, அதைத் திருத்த வேண்டும்" என்று தொடங்குங்கள். அது வேறொரு வகைப் புகாராகப் பதிவாகி, வேறொரு பிரிவுக்குப் போகும். பாதுகாப்புக் கருதி, பெறுபவர் கேட்டால் அவர்கள் எண்ணைத் திருத்த மாட்டார்கள், அனுப்பியவர் கேட்க வேண்டும் என்பார்கள். இங்கே அனுப்பியவர் நீங்கள் அல்ல, அந்தக் கடைதான். எனவே கடையிடமிருந்து கூரியருக்கு ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். அதில் டிராக்கிங் எண்ணும் அப்பாவின் கைப்பேசி எண்ணும் இருக்க வேண்டும். உங்கள் வெளிநாட்டு எண்ணைக் கொடுக்க வேண்டாம், அவர்களுடைய கணினி அதை ஏற்காமல் போக வாய்ப்பு அதிகம்.

அதோடு, மூன்றாவது முறை கொண்டு வருவதை இன்று நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். இது மிகவும் முக்கியம். மூன்று முறை தவறினால் பார்சல் தானாக அனுப்பியவருக்கே திரும்பும் வழியில் ஏறிவிடும், அந்த வழியில் ஏறிய பிறகு நடுவில் இறக்குவது மிகக் கடினம். எண் திருத்தப்படும் வரை உள்ளூர் நிலையத்திலேயே வைத்திருக்கச் சொன்னால், பெரும்பாலும் சில நாள் வைத்திருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 9.30

இவ்வளவு சிரமம் எதற்கு? பார்சல் திரும்பிப் போகட்டும். பணம் திரும்ப வரும். சரியான எண்ணோடு மறுபடி ஆர்டர் போட்டால் போதுமே. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

தூரத்துமகள் | செவ்வாய், காலை 9.41

சாதாரணப் பொருளாக இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன் ஐயா. இது அவருடைய காதுக்கென்று அமைக்கப்பட்ட கருவி. இத்தகைய பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை என்று கடையின் விதிமுறையில் இருக்கிறது. "பெறுபவர் வாங்கவில்லை" என்று திரும்பினால் பணம் வருமா என்பதே தெரியாது. மறுபடி மூன்று வாரம் அவர் எதுவும் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதும் என்னால் தாங்க முடியாதது.

பொதிக்கிடங்கு | செவ்வாய், காலை 10.05

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வது பொதுவான பொருள்களுக்குச் சரியே. இதில் கவனிக்க வேண்டியது, "வாடிக்கையாளர் ஓடிபி தரவில்லை" என்று பதிவானால் தவறு வாங்குபவர் பக்கம் என்று ஆகிவிடும் என்பதுதான். ஆகவே எண்ணைத் திருத்தக் கேட்ட மின்னஞ்சலையும், அதற்கு வந்த புகார் எண்ணையும் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் பணத்தைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் அவைதான் துணை நிற்கும்.

தூரத்துமகள் | புதன், மாலை 5.15

நடந்ததை எழுதுகிறேன். டெலிவரி செய்பவர் நேற்று மதியமே வந்துவிட்டார், நிறுத்திவைக்கச் சொன்னது அவருக்குப் போய்ச் சேரவில்லை. அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், கைப்பேசித் திரையைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கடைசி இரண்டு இலக்கங்கள் என் பழைய எண்ணுடையவைதான். அப்பா அதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். நிலைமையை விளக்கியதும் அந்தத் தம்பி, "வாடிக்கையாளர் தரவில்லை" என்று பதிவு செய்யாமல், "தொடர்பு எண் தவறு" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து எடுத்துச் சென்றார். அந்த ஒரு தேர்வினால்தான் பார்சல் திரும்பும் வழியில் ஏறவில்லை என்று பிறகு தெரிந்தது.

கடைக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு முதலில் வழக்கமான பதில்தான் வந்தது. இரண்டாவது முறை, தவறான எண்ணின் கடைசி இலக்கங்களையும் சரியான எண்ணையும் ஒரே வரியில் எழுதி அனுப்பிய பிறகு, கூரியருக்குச் சொல்லிவிட்டதாகப் பதில் அனுப்பினார்கள். ஆனால் கூரியரில் எண்ணைத் திருத்த இரண்டு வேலை நாள் ஆகும் என்றார்கள். அதற்குக் காத்திராமல், நிலையத்திலேயே நேரில் பெற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். முகவரியில் பெறுபவராக அப்பாவின் பெயர் இருந்ததால், அவருடைய அடையாள அட்டையைக் காட்டினால் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். இன்று காலை பக்கத்து வீட்டு அண்ணன் அவரை அழைத்துப் போனார். அங்கே மேலாளர் அட்டையைப் படமெடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஓடிபி இல்லாமலேயே கொடுத்துவிட்டார்.

நிலாமுற்றம் | புதன், மாலை 5.40

மிகவும் மகிழ்ச்சி. ஒரு சந்தேகம். பெறுபவர் இடத்தில் அப்பாவின் பெயருக்குப் பதிலாக உங்கள் பெயர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் எப்போதும் என் பெயரைத்தான் எழுதுகிறேன்.

பொதிக்கிடங்கு | புதன், இரவு 8.20

அப்படி இருந்திருந்தால் உங்கள் அனுமதிக் கடிதத்தையும் உங்கள் அடையாள அட்டையின் நகலையும் கேட்டிருப்பார்கள். சில நிலையங்களில் அதையும் ஏற்க மாட்டார்கள், மேலாளரைப் பொறுத்தது. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் போடுகிறவர்கள், வீட்டில் வாசலைத் திறக்கப் போகிறவருடைய பெயரையும் எண்ணையுமே முகவரியில் எழுதுவது நல்லது. அதிலும் ஒரு குறை இருக்கிறது. சில கடைகள் முகவரியின் எண்ணைப் பார்க்காமல், கணக்கின் எண்ணுக்கு மட்டுமே ஓடிபி அனுப்புகின்றன. அங்கே ஓடிபி உங்களுக்கு நள்ளிரவில் வரும், நீங்கள் விழித்திருந்து அப்பாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். எந்தக் கடை எந்த முறை என்பதை முதலில் சிறிய பொருள் ஒன்றை வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு வார்த்தை. ஓடிபி வந்துவிட்டாலும், பார்சல் கையில் வருவதற்கு முன்பு தொலைபேசியில் கேட்கிறவருக்கு அதைச் சொல்லக் கூடாது என்று பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள். அந்த எண்ணைச் சொன்னாலே "பெற்றுக்கொண்டார்" என்று பதிவாகிவிடும், பின்னால் வரவில்லை என்று நிரூபிப்பது மிகவும் கடினம்.

செல்வநாயகி | புதன், இரவு 8.55

முகவரியில் எண் எழுதும் இடத்தில் நம்முடைய வெளிநாட்டு எண்ணை நாட்டின் குறியீட்டோடு எழுதினால் போகாதா? என் மகள் அப்படித்தான் எழுதியிருக்கிறாள்.

அலைக்கோபுரம் | புதன், இரவு 9.30

சில இடங்களில் போகும், பல இடங்களில் போகாது. உள்நாட்டுக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்பும் ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன, அவர்களிடமிருந்து வெளிநாட்டு எண்ணுக்குச் செய்தி புறப்படவே புறப்படாது. அதைவிட மோசமான ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். படிவம் நாட்டின் குறியீட்டை ஏற்றுக்கொண்டதுபோலக் காட்டிவிட்டு, உள்ளே கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை உள்நாட்டு எண்ணாகக் கருதி அனுப்பிவிடும். அந்தப் பத்து இலக்க எண் உள்நாட்டில் யாரிடமாவது இருந்தால், உங்கள் மகளின் ஓடிபி அவருக்குப் போகும். சேமித்த முகவரியைத் திறந்து, எண் முழுமையாகத் தெரிகிறதா, குறியீடு உதிர்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தூரத்துமகள் | புதன், இரவு 10.10

இதைப் படித்துவிட்டு என் மற்ற கணக்குகளையும் திறந்து பார்த்தேன். மூன்று கடைகளின் சேமித்த முகவரிகளில் அந்தப் பழைய எண் இன்னும் இருந்தது. கணக்கின் எண் எல்லாவற்றிலும் புதியதாகத்தான் இருக்கிறது. இரண்டில் திருத்திவிட்டேன். மூன்றாவது கடையில், எண்ணைத் திருத்துவதற்குப் பழைய எண்ணுக்கு ஓர் ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரையில் வந்து நிற்கிறது. அந்தப் பெண்மணியின் கைப்பேசி இன்னொரு முறை ஒலித்திருக்கும் என்று நினைக்கும்போது சங்கடமாக இருக்கிறது. அந்த முகவரியை அப்படியே அழித்துவிட்டுப் புதிதாக எழுத முடியுமா என்று நாளை முயன்று பார்க்கிறேன்.